39 தவணை கட்டிய வண்டி யாருடையது?

போன ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணி. தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த என் தம்பியின் குட்டி யானையை மூன்று பேர் மறித்தார்கள். சாவியை வாங்கிக்கொண்டு, பெட்டிகளைச் சாலையோரத்தில் இறக்கி வைத்துவிட்டு, வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கையில் ஒரு தாள்கூடக் கொடுக்கவில்லை. வண்டிக்குப் பணம் கொடுத்த ஃபைனான்ஸ் நிறுவனத்துக்கு இரண்டு மாத டியூ பாக்கி. அதற்கு முன் 39 தவணைகளை அவன் ஒன்றுவிடாமல் கட்டியிருந்தான்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வண்டி விலை 5,00,000 ரூபாய். முன்பணமாக அவன் 1,00,000 கட்டினான். மீதி 4,00,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி என்றார்கள். நான்கு ஆண்டுக்கு வட்டி 1,92,000. ஆக மொத்தம் 5,92,000 ரூபாயை 48 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 12,333 ரூபாய். கேட்பதற்கு எளிமையாக இருக்கும் இந்தக் கணக்கில், அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு 4,00,000 ரூபாய்க்கே போடப்படுகிறது. குறையும் அசலின் மேல் கணக்கிட்டால் இந்த 12 சதவீதம் உண்மையில் ஏறக்குறைய 21 சதவீதம். 39 தவணைகளில் தம்பி கட்டியது 4,81,000 ரூபாய். கொடுத்த நான்கு லட்சத்துக்கு மேல் 81,000 ரூபாய் அந்த நிறுவனத்துக்குத் திரும்பிவிட்டது. வர வேண்டியிருந்தவை ஒன்பது தவணைகள், அதாவது 1,11,000 ரூபாய்.

அந்த நிலையில் வண்டியில் அவனுக்கு எவ்வளவு சொந்தம்? ஒன்றுமே இல்லை. வாடகைக் கொள்முதல் ஒப்பந்தத்தின் அடிப்படையே இதுதான். நாம் மாதாமாதம் கட்டுவது வண்டியைப் பயன்படுத்துவதற்கான வாடகை. கடைசித் தவணையையும் கட்டிய பிறகு அதை வாங்கிக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு, அவ்வளவுதான். பாதி கட்டினால் பாதி வண்டி நம்முடையது என்று நாம் மனத்தில் போட்டுக்கொள்ளும் கணக்குக்குச் சட்டத்தில் இடமில்லை. தம்பி கையெழுத்திட்ட தாளை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். அதில் அவன் 'வாடகைக்கு எடுப்பவர்', நிறுவனம்தான் 'உரிமையாளர்'.

என்னை இன்றுவரை உறங்கவிடாதது வேறொன்று. ஆர்.சி. புத்தகத்தில் பதிவு பெற்ற உரிமையாளர் என்று இருப்பது தம்பியின் பெயர்தான். கீழே, வண்டி இன்ன நிறுவனத்தின் வாடகைக் கொள்முதலில் இருக்கிறது என்ற குறிப்பு இருக்கும். வரி கட்டுவது, எஃப்.சி. எடுப்பது, காப்பீடு போடுவது, போக்குவரத்துக் காவலருக்கு அபராதம் கட்டுவது எல்லாம் அவன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 'உரிமையாளர்' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே, வாடகைக் கொள்முதல் வண்டியைக் கையில் வைத்திருப்பவரே உரிமையாளர் என்று இருக்கிறது. வண்டி யார் மேலாவது மோதிவிட்டால் இழப்பீட்டு வழக்கில் உரிமையாளராக நிற்பது தம்பி. அதே வண்டி முற்றிலும் நொறுங்கிப்போனால் காப்பீட்டுத் தொகையில் முதல் பங்கு நிறுவனத்துக்கு. பொறுப்பு வரும்போது ஒருவன் உரிமையாளர், பொருள் வரும்போது இன்னொருவர் உரிமையாளர். இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

காவல் நிலையத்தில் புகாரை வாங்கவில்லை. "ஃபைனான்ஸ் வண்டிதானே, இது திருட்டில் வராது" என்றார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னது சரி. தவணை தவறினால் நிறுவனம் தன் வண்டியைத் தானே எடுத்துக்கொள்வது குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2001இலும், பின்னர் 2020இலும் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் அடியாட்களை வைத்து எடுக்கக் கூடாது என்று 2007இல் அதே நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. கைப்பற்றும் முன் எத்தனை நாள் அறிவிப்பு, விற்கும் முன் கட்டி மீட்க என்ன கடைசி வாய்ப்பு என்பதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடன் வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன் தொலைபேசியில்கூட அழைக்கக் கூடாது என்று 2022இல் அது சொன்னது. எங்களுக்கு வந்தவர்கள் நாலரை மணிக்கு நடுச்சாலையில் வந்தார்கள்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். 20 நாட்களில் வண்டி ஏலம் போனது. ஊரில் இரண்டு தரகர்களிடம் விசாரித்தேன். அந்த ஆண்டு மாடலுக்கு, அந்த நிலையில், 2,20,000 ரூபாய் வரை போகும் என்றார்கள். ஏலத்தில் போனதாகச் சொல்லப்பட்டது 1,25,000. ஒன்பது தவணைப் பாக்கி 1,11,000, அதோடு தாமதக் கட்டணம், வண்டியைப் பிடித்த செலவு, யார்டு வாடகை என்று 31,000. இன்னும் 17,000 ரூபாய் கட்டு என்று தம்பிக்கும், ஜாமீன் கையெழுத்துப் போட்ட எனக்கும் கடிதம் வந்திருக்கிறது. முன்பணத்தையும் சேர்த்து 5,81,000 ரூபாய் கட்டியவனிடம் இன்று வண்டியும் இல்லை, கடனும் தீரவில்லை. சந்தை விலைக்கே விற்றிருந்தால் அவர்கள் கேட்கும் அத்தனையும் போக 78,000 ரூபாய் அவன் கைக்கு வந்திருக்க வேண்டும்.

டியூ கட்டவில்லை என்றால் எடுக்கத்தானே செய்வார்கள் என்று சிலர் என்னிடமே சொன்னார்கள். எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூன்று தவணை கட்டிவிட்டு வண்டியோடு மறைந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து வண்டியை உடனே எடுக்க முடியாவிட்டால், சொத்து ஏதும் இல்லாத என் தம்பி போன்றவர்களுக்கு யாரும் வண்டி கொடுக்கமாட்டார்கள். ஆனால் மூன்று தவணை கட்டியவனும் 39 தவணை கட்டியவனும் சட்டத்தின் முன் ஒரே நிலையில் நிற்கிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மலேசியாவில் 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் இருக்கிறது. சுமையோடு சேர்த்து 2,540 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிகளும் அதற்குள் வருகின்றன. அங்கே வண்டியை எடுப்பதற்கு முன் 21 நாள் எழுத்து மூலமான அறிவிப்பு வேண்டும். ரொக்க விலையில் 75 சதவீதத்துக்கு மேல் கட்டியவரிடமிருந்து நீதிமன்ற ஆணை இல்லாமல் எடுக்கவே முடியாது. இங்கிலாந்தில், அந்நாட்டுச் சட்டம் பாதுகாக்கும் ஒப்பந்தங்களில், மூன்றில் ஒரு பங்கு கட்டியதுமே அந்தப் பாதுகாப்பு வந்துவிடுகிறது. நம் நாடாளுமன்றமும் 1972இல் இப்படி ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. விலையில் குறிப்பிட்ட பங்கைக் கட்டிவிட்டால் வழக்குப் போட்டுத்தான் மீட்க வேண்டும் என்ற விதி அதில் இருந்தது. அந்தச் சட்டம் ஒரு நாள்கூட நடைமுறைக்கு வரவில்லை. 33 ஆண்டுகள் கிடப்பில் இருந்துவிட்டு 2005இல் நீக்கப்பட்டது. அந்த ஒரு விதியையாவது மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று ஒவ்வொரு சரக்கு வாகன ஓட்டுநர் சங்கமும் கேட்க வேண்டும்.

வண்டி எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2024 அக்டோபர் முதல், கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி விகிதத்தை ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. கையெழுத்துக்கு முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தில் வண்டியைக் கைப்பற்றுவது பற்றிய பத்தியை யாரையாவது வைத்துப் படித்துவிடுங்கள். கடைசித் தவணை கட்டியதும் என்.ஓ.சி.யோடு படிவம் 35ஐயும் நிறுவனத்தின் கையெழுத்துடன் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து ஆர்.சி.யில் உள்ள குறிப்பை நீக்குங்கள். அது நீங்காதவரை வண்டியை விற்கப் போனால் வாங்க ஆள் வராது.

17,000 ரூபாய்க் கடிதத்துக்கு நேற்றுப் பதிவுத் தபாலில் பதில் அனுப்பிவிட்டோம். ஏலத்துக்கு முன் வண்டியை மதிப்பிட்ட அறிக்கை, ஏலத்தில் கலந்துகொண்டோர் கேட்ட விலைகள், விற்பனைக்கு முன் எங்களுக்கு அனுப்பியதாகச் சொல்லும் அறிவிப்பின் நகல் ஆகிய மூன்றையும் கேட்டிருக்கிறோம். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவோம். அதற்குக் கட்டணம் கிடையாது. தம்பி இப்போது வேறொருவரின் வண்டியில் நாள் கூலிக்கு ஓட்டுகிறான், அதே சந்தைக்கு, அதே தக்காளிப் பெட்டிகளோடு.