போன வருஷம் எவ்வளவு? அதோட அஞ்சு பர்சென்ட் போட்டுக்கோங்க

ஒரு பள்ளியின் நிதிக் குழுவில் சில வருஷம் இருந்தேன். துறைகளுக்கு பட்ஜெட் பிரிக்கிற கூட்டம் முதல் வருஷம் இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பதினோரு துறை. போன வருஷத் தொகையோடு ஆளுக்கு 5 சதவீதம். கையெழுத்து, டீ, கிளம்பியாச்சு. யாருக்கும் வருத்தமில்லை, யாரும் எதையும் கேட்கவுமில்லை. இவ்வளவு சுலபமா இது என்று அப்போது நினைத்தேன்.

அந்த இருபது நிமிஷத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது அறிவியல் துறையின் கணக்கை உட்கார்ந்து பிரித்தபோதுதான் தெரிந்தது. இது சம்பளம் பற்றிய கதை அல்ல. பள்ளிச் செலவில் பெரும்பகுதி சம்பளம், அதில் கைவைக்க முடியாது. துறைத் தலைவர் கையில் இருக்கும் மிச்சப் பணத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்: கெமிக்கல், கண்ணாடிச் சாமான், பந்து, பெயின்ட், பிரின்ட் அவுட்.

எந்த நாட்டுப் பணம் என்பது முக்கியமில்லை, வெறும் எண்ணாகவே சொல்கிறேன். அறிவியலுக்கு அந்த வருஷம் 400. அதில் ரசாயனப் பொருள் 150, கண்ணாடிச் சாமான் 60, கருவிகள் 90, கேஸ் மற்றும் சர்வீஸ் 70, அச்சு 30. பார்த்தால் ஒழுங்கான பட்டியல்தான். அந்த 90 எங்கிருந்து வந்தது என்று பழைய ஃபைல்களைத் தேடிப் போனேன். நான்கு வருஷத்துக்கு முன் ஒரே தடவையாக மைக்ரோஸ்கோப் வாங்கியிருக்கிறார்கள், செலவு 74. வாங்கியது ஒரு தடவைதான். ஆனால் அடுத்த வருஷம் “போன வருஷம் எவ்வளவு?” என்று கேட்டவர் அந்த 74-ஐயும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். நான்கு வருஷம் 5 சதவீதம் ஏறினால் 74 என்பது 90 ஆகிவிடும். மைக்ரோஸ்கோப் ஒன்றுகூட மேற்கொண்டு வாங்கவில்லை. அந்தப் பணம் ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் “கருவிகள்” என்ற பேரில் ஏதோ ஒன்றாக மாறிக்கொண்டிருந்தது. செலவழிக்காமல் விட்டால் அடுத்த வருஷம் குறைத்துவிடுவார்கள் என்ற பயம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

மறு வருஷம் “ஜீரோவிலிருந்து போடுவோம்” என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். ஜீரோ பேஸ்டு பட்ஜெட். போன வருஷத் தொகையை மறந்துவிட்டு, ஒவ்வொரு செலவும் எதற்கு என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். இதற்கு முறையாக வடிவம் கொடுத்தவர் பீட்டர் பைர், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில். 1970-ல் அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, ஜார்ஜியா மாநில ஆளுநராக இருந்த ஜிம்மி கார்ட்டர் தன் மாநிலத்தில் கொண்டுவந்தார். ஜனாதிபதி ஆனதும் 1977-ல் அமெரிக்க மத்திய அரசுக்கும் கொண்டுபோனார். 1981-ல் ரீகன் வந்ததும் கைவிட்டார்கள். அங்கேயும் நடைமுறையில் யாரும் உண்மையான ஜீரோவிலிருந்து தொடங்கவில்லை. தற்போதைய அளவுக்குக் கீழே ஒரு குறைந்தபட்ச மட்டம் வைத்து, அதற்கு மேல் படிப்படியாக அடுக்கினார்கள். நான் இதைத் தாமதமாகத்தான் கவனித்தேன்.

சரி, எங்கள் பள்ளிக்கு, சில்வர் நைட்ரேட் என்ற ரசாயனப் பொருளுக்கு வருகிறேன்.

கெமிஸ்ட்ரி மேடம் கொடுத்த முதல் பட்டியலில் சில்வர் நைட்ரேட் 25 கிராம் பாட்டில் நான்கு என்று இருந்தது. அலமாரியிலேயே விலை அதிகமான சாமான்களில் அது ஒன்று. “ஏன் மேடம் நாலு?” என்றேன். “எப்பவும் நாலுதான் சார்.” சண்டை போடும் குரலில் சொல்லவில்லை, அவர் வேலைக்குச் சேர்ந்தபோதே நான்குதான். இருவரும் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். 160 மாணவர்கள், இருவருக்கு ஒரு செட், ஆக 80 செட். உப்பில் குளோரைடு, புரோமைடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்குத்தான் இது போகிறது. ஒரு செட்டுக்குச் சிந்தல் சேர்த்து 10 மில்லி என்றாலும் மொத்தம் 800 மில்லி. ஒரு லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். 0.05 மோலார் கரைசல் ஒரு லிட்டருக்கு எட்டரை கிராம் போதும். பயிற்சிக்கு ஒரு தடவை, தேர்வுக்கு ஒரு தடவை, ஆக 17 கிராம். யாராவது அவசரத்தில் குழாய்த் தண்ணீரில் கலக்கி, அது பால் மாதிரி ஆகி, கொட்டிவிட்டு மறுபடி செய்வதற்கும் சேர்த்தால் 25 கிராம். ஒரு பாட்டில்.

மேடம் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். பின்வரிசையில் பழுப்பு நிற பாட்டில்கள், சீல் உடைக்காமல் ஏழு.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. திருட்டு இல்லை, ஊதாரித்தனம்கூட இல்லை. போன வருஷ இண்டென்டைப் பார்த்து இந்த வருஷ இண்டென்டை எழுதியதன் விளைவு, அவ்வளவுதான்.

அதே மேஜையில் எதிர்ப்பக்கமாகவும் ஒன்று வெளிப்பட்டது. கண்ணாடி எங்கே, அதாவது கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி? அமிலத்தோடு வேலை செய்யும் 160 பேருக்குப் பட்டியலில் ஒன்றுகூட இல்லை. எந்த வருஷமும் இருந்ததில்லை. சதவீத முறையில் இதற்கு வழியே கிடையாது. பூஜ்யத்தில் 5 சதவீதம் பூஜ்யம்தானே! செலவு ஏறிக்கொண்டே போகிறது என்று இந்த முறையை எல்லோரும் திட்டுகிறார்கள். புதிதாக எதையும் உள்ளே விடாது என்பதுதான் என் கண்ணுக்கு அதைவிடப் பெரிய குறை.

கடைசியில் அறிவியலுக்கு வந்த தொகை 289. ரசாயனம் 95, கண்ணாடிச் சாமான் அதே 60 (உடைவது உடைந்துகொண்டுதான் இருக்கும்), கேஸ், சர்வீஸ் 70, அச்சு 30, பாதுகாப்புச் சாமான் புதிதாக 25. கருவிகள் என்ற 90 போய்விட்டது. அதற்குப் பதில் 9 மட்டும் தனியாக எடுத்துவைத்தோம். மைக்ரோஸ்கோப் இன்னும் பத்து வருஷம் உழைக்கும், மறுபடி வாங்கும்போது 90 ஆகும் என்று கணக்கு வைத்தால், வருஷத்துக்கு 9. இந்த ஒன்பதை மறப்பதுதான் ஜீரோ முறையில் பலர் விழும் குழி. “இந்த வருஷம் எதற்கு?” என்று மட்டும் கேட்டால் தேய்மானத்துக்குப் பதிலே இருக்காது. பத்தாவது வருஷம் பத்து மைக்ரோஸ்கோப்பும் ஒன்றாகக் கண்ணை மூடும்.

இதுவரை கேட்டால் ஜீரோ முறைதான் சரி என்று தோன்றும். பதினோரு துறைக்கும் ஒரே வருஷத்தில் இதைச் செய்தோம் பாருங்கள், அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு துறையும் தன் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, எது இல்லாவிட்டால் என்ன நின்றுபோகும் என்று எழுதி, முக்கியத்துவ வரிசையில் அடுக்கித் தர வேண்டும். பிறகு குழு எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கோக்கும். பணம் தீரும் இடத்தில் கோடு. கோட்டுக்குக் கீழே இருப்பதற்குப் பணம் கிடையாது. சனிக்கிழமை காலையில் தொடங்கிய கூட்டம் விளக்கு போட்ட பிறகும் முடியவில்லை. வரலாற்றுத் துறையின் வரைபடங்களா, இசைத் துறையின் கீபோர்டா, எது முந்தி? எந்தத் தராசில் நிறுப்பது? கடைசியில் யார் நன்றாகப் பேசினாரோ அவர் துறை மேலே போனது.

இதில் விளையாட்டுத் துறை செய்ததுதான் எனக்குப் பிடித்தது. பந்து, வலை, ஜெர்சி எல்லாம் மேலே. கடைசி வரியில் முதலுதவிப் பெட்டி! கோடு எங்கே விழுந்தாலும் முதலுதவியை யாரும் வெட்ட மாட்டார்கள் என்று பி.டி. சாருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். வெட்டவில்லை. அன்றிலிருந்து பட்டியலை நான் கீழிருந்துதான் படிக்கிறேன். கடைசி வரியில் யாரும் மறுக்கத் துணியாத ஒன்று இருந்தால், அந்தப் பட்டியலில் ஏதோ தந்திரம் இருக்கிறது.

இன்னொன்றை நாங்களே கெடுத்துக்கொண்டோம். கெமிஸ்ட்ரி மேடம் நேர்மையாக 400-லிருந்து 289-க்கு இறங்கினார். மிச்சமான 111-ஐ அப்படியே பொதுவில் போட்டு மற்றவர்களுக்குப் பிரித்தோம். மறு வருஷம் எந்தத் துறையும் அலமாரியைத் திறந்து காட்டவில்லை. பின்னே, காட்டுவார்களா? மிச்சத்தில் பாதி இரண்டு வருஷத்துக்கு அந்தத் துறையிடமே இருக்கும் என்று விதியை மாற்றிய பிறகுதான் பாட்டில்கள் மறுபடி வெளியே வந்தன.

எல்லாத் துறைக்கும் ஒவ்வொரு வருஷமும் ஜீரோ என்பது ஆசிரியர்களின் சனிக்கிழமைகளைத் தின்னும். இரண்டாவது வருஷமே போன வருஷப் படிவத்தில் தேதியை மட்டும் மாற்றி நீட்டுவார்கள். அப்புறம் அது சதவீத முறைக்குப் பேப்பர் அதிகம் பிடிக்கிற இன்னொரு பெயர், அவ்வளவுதான். பதினோரு துறையில் வருஷத்துக்கு மூன்றை மட்டும் எடுத்தால் நான்கு வருஷத்தில் எல்லோருக்கும் ஒரு சுற்று வந்துவிடும். நாங்கள் கடைசியில் அப்படித்தான் செய்தோம். துறைக்குத் துறை வரிசைப்படுத்தும் சண்டையையும் விட்டுவிட்டோம். வெள்ளைத்தாள் கணக்கு போதும்: எத்தனை பேர், எத்தனை தடவை, ஒரு தடவைக்கு எவ்வளவு, அலமாரியில் என்ன இருக்கிறது.

முறை வராத துறைகளுக்குப் போன வருஷத் தொகையையே எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் சதவீதம் போடுவதற்கு முன் இரண்டு வேலை. போன வருஷம் ஒரு தடவை மட்டும் வாங்கியதைக் கழிக்க வேண்டும். பிறகு தலைக்கு இவ்வளவு என்று போகும் செலவை மட்டும் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்பத் திருத்த வேண்டும். ஓவியத் துறையில் 45 கொடுத்துக்கொண்டிருந்தோம். அதில் 30 பெயின்ட், தாள், பிரஷ். 15 எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவு. மாணவர்கள் 60-லிருந்து 110 ஆனார்கள். 30 என்பது 55 ஆக வேண்டும், 15 அப்படியே, ஆக 70. விலை ஏற்றம் அதற்கு மேல்தான். ஐந்து சதவீதக் கணக்கில் அவர்களுக்குக் கிடைத்திருக்கக்கூடியது 47 சொச்சம். இருபது நிமிஷக் கூட்டத்தில் அந்த ஓவிய டீச்சரும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார்.

விளையாட்டுத் துறையின் முறை வந்த வருஷம் பி.டி. சார் பட்டியலோடு வந்தார். முதலுதவிப் பெட்டி முதல் வரியில். “சார், கீழேயிருந்துதானே படிப்பீங்க?” என்று சிரித்தார். கடைசி வரியில் என்ன போட்டிருக்கிறார் என்று பார்த்தேன். விசில், பன்னிரண்டு. ஸ்டோர் ரூம் சாவியைக் கேட்டேன்.