கேள்வித்தாள் எடுக்கப் போகும் என் மாணவனுக்கு

தம்பி, வரலாறு கேள்வித்தாள் எடுக்கும் பொறுப்பு உனக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். உன் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். எடுத்த தாளை எனக்குக் காட்டவும் வேண்டாம், அது முறையும் இல்லை. ஆனால் நான் செய்த ஒரு தவறை உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் அரையாண்டுத் தேர்வுக்கு நான் எழுதிய ஒரு மதிப்பெண் கேள்வி இது: "ரயத்துவாரி முறை அறிமுகமான ஆண்டு எது? அ) 1792 ஆ) 1793 இ) 1820 ஈ) 1833." விடைக்குறிப்பில் 1820 என்று போட்டிருந்தேன். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. ஒரு மாணவி 1792 என்று எழுதியிருந்தாள். யோசிக்காமல் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். விடைத்தாளைக் கொடுத்த அன்று அவள் எழுந்து, "சார், நம்ம ஊர்லதானே அது ஆரம்பிச்சது? நீங்கதானே சொன்னீங்க" என்றாள்.

ஆமாம், நான்தான் சொன்னேன். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி திப்பு பாராமகாலைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதில்தான் இருந்தன. நிர்வாகத்துக்கு வந்தவர் அலெக்சாண்டர் ரீடு. அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கி வேலை பார்த்தவர். நடுவில் ஜமீன்தார் இல்லாமல், நிலத்தை அளந்து உழுகிறவரிடமே நேராக வரி வாங்கும் முறை அவர்கள் கையில் இங்கேதான் உருவெடுத்தது. 1820 என்பது மன்றோ சென்னை ஆளுநரான ஆண்டு. அதன் பிறகுதான் மாகாணத்தின் பெரும்பகுதிக்கு அது பரவியது.

ஆக, 'அறிமுகமான' என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு விடைகள் ஒளிந்திருந்தன. எங்கே அறிமுகமானது என்று நான் கேட்கவே இல்லை. வகுப்பில் காது கொடுத்துக் கேட்டவளுக்கு மதிப்பெண் போனது. புத்தகத்தை மனப்பாடம் செய்தவனுக்குக் கிடைத்தது.

அதையே இப்படிக் கேட்டிருக்கலாம்: "1820 முதல் ரயத்துவாரி முறை சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கு விரிவாக்கப்பட்டபோது ஆளுநராக இருந்தவர் யார்?" கார்ன்வாலிஸ், வெல்லெஸ்லி, பெண்டிங்க், மன்றோ என்று நாலு பேரைக் கொடு. படித்த பிள்ளை தடுமாறாது, படிக்காத பிள்ளைக்கு நாலும் ஒன்றுபோலத்தான் தெரியும். கஷ்டமான கேள்வி கேள், தாராளமாகக் கேள். ஆனால் கஷ்டம் பாடத்தில் இருக்க வேண்டும், உன் வாக்கியத்தில் இருக்கக் கூடாது.

தாளை முடித்ததும் விடைக்குறிப்பை ஒளித்துவைத்துவிட்டு, உன் குழுவிலேயே இன்னொருவரை எழுதச் சொல். அவர் விடை உன் விடையோடு ஒத்துப்போகாத இடத்தில் முதலில் கேள்வியைச் சந்தேகப்படு. தேர்வு முடிந்த பிறகும் ஒரு வழி இருக்கிறது. நன்றாக எழுதிய பிள்ளைகளே ஒரு கேள்விக்கு ஆளுக்கொரு விடை எழுதியிருந்தால், கோளாறு அந்தக் கேள்வியில்தான். அப்போது இரண்டு விடைக்கும் மதிப்பெண் கொடுக்கச் சொல்லி எழுதிக் கொடு, கூச்சப்படாதே.

அந்த மாணவிக்கு அன்றே மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன், சரி. ஆனால் அதே வகுப்பில் இன்னும் எத்தனை பேர் 1792 என்று எழுதிவிட்டு, சாரிடம் எப்படிக் கேட்பது என்று பேசாமல் உட்கார்ந்திருந்தார்களோ! மற்ற தாள்களை நான் திரும்ப வாங்கிப் பார்க்கவில்லை, தம்பி.