லோயிஸ் லேனுக்கு என்ன, கண் தெரியாதா?

சூப்பர்மேன் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருத்தர் இதைக் கேட்காமல் விடுவதில்லை. ஒரு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளார்க் கென்ட் என்ற பத்திரிகை நிருபராக உலவினால், பக்கத்து மேசையில் வேலை பார்க்கிற லோயிஸுக்குக்கூடவா ஆளை அடையாளம் தெரியாது? கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டு வில்லன் வீட்டுக்குள்ளேயே உலா வந்த ஹீரோக்களுக்கு விசில் அடித்து வளர்ந்தவர்கள் நாம். நமக்கு இதைக் கேட்கிற யோக்கியதை உண்டா என்பது தனிக் கதை.

இந்தக் கேள்வியில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பது என் எண்ணம். ஊர் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்பது ஒன்று. வீட்டில் இருப்பவர்கள் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் சுலபம்.

2016இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் ராபின் கிரேமர், கே ரிச்சி என்ற இருவர் சூப்பர்மேனின் கண்ணாடியைச் சாக்காக வைத்தே ஓர் ஆய்வு செய்தார்கள். முன்பின் தெரியாத முகங்களின் படங்களை இரண்டிரண்டாகக் காட்டி, இரண்டிலும் இருப்பது ஒரே ஆள்தானா என்று கேட்டார்கள். இரண்டு படத்திலும் கண்ணாடி இருந்தாலும் சரி, இரண்டிலும் இல்லாவிட்டாலும் சரி, நூற்றுக்கு எண்பது வாக்கில் சரியாகச் சொன்னார்கள். ஒன்றில் மட்டும் கண்ணாடி இருந்தபோது அது 74 ஆனது. ஆறு சதவீதம்தானே என்று தோன்றும். எனக்கு உறைத்தது அந்த எண்பதுதான். எந்த வேஷமும் இல்லாமலே ஐந்தில் ஒரு முறை தப்பு விடுகிறோம்! அந்நிய முகம் என்று வந்துவிட்டால் நம் கண் அவ்வளவுதான். பழகிய முகம் என்றால் கதை வேறு. கண்ணாடி போட்டாலும் தாடி வைத்தாலும் நடையை வைத்தே தூரத்தில் பிடித்துவிடுவோம்.

போதாததற்கு, சூப்பர்மேனை யாரும் தேடவே இல்லை. அவர் முகமூடியே போடாதவர். முகத்தைத் திறந்து காட்டிக்கொண்டு பறக்கிறவருக்கு இன்னொரு பெயர் இருக்கும், மாதச் சம்பள வேலை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? 1987இல் வந்த ஒரு காமிக்ஸ் இதழில் பரம எதிரி லெக்ஸ் லூதர் சூப்பர்மேனைப் பற்றிய தகவல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டு அலசச் சொல்வான். கிளார்க் கென்ட்தான் சூப்பர்மேன் என்று கம்ப்யூட்டர் பளிச்சென்று சொல்லிவிடும். லூதர் ஏற்க மாட்டான். அவ்வளவு சக்தி இருக்கிறவன் சாதாரண ஆளாக ஏன் நடிக்கப் போகிறான் என்பது அவன் வாதம். விடை கையில் இருந்தும் அவன் அகங்காரம் அதைப் பார்க்க விடவில்லை. இதற்கு ஒன்பது வருஷம் முன்னால் வேறொரு இதழ், கண்ணாடியின் லென்ஸ் வழியாக சூப்பர்மேன் எல்லோரையும் வசியம் செய்கிறார் என்று ஒரு விளக்கம் கொடுத்துப் பார்த்தது. அது சுத்தப் பேத்தல். லூதர் கதைதான் மனிதர்களைத் தெரிந்தவர் எழுதியது.

இதே விஷயத்தை ஸ்பைடர்மேன் 1964இலேயே செய்துவிட்டார். அமேசிங் ஸ்பைடர்மேன் 12ஆம் இதழ். ஸ்பைடர்மேன் முகமூடிக்குள் இருக்கும் பீட்டர் பார்க்கருக்குக் காய்ச்சல், உடம்பில் தெம்பே இல்லை. அந்த நிலையில் வில்லன் டாக்டர் ஆக்டோபஸோடு மோதி, எல்லோர் முன்னாலும் முகமூடி உருவப்படுகிறது. பத்திரிகை முதலாளி ஜேம்சன், பீட்டருக்குப் பிடித்த பெட்டி பிராண்ட் எல்லோரும் அங்கேயே நிற்கிறார்கள். ஒருத்தர்கூட நம்பவில்லை. பெட்டியைக் காப்பாற்ற இந்த நோஞ்சான் பையன் ஸ்பைடர்மேன் வேஷம் போட்டு வந்திருக்கிறான் என்று அவர்களே ஒரு கதை கட்டிக்கொள்கிறார்கள். பீட்டரைக் காப்பாற்றியது முகமூடி இல்லை. அவனைப் பற்றி எல்லோரும் வைத்திருந்த மட்டமான அபிப்பிராயம்.

இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது. ஊரை ஏமாற்ற ஒரு கண்ணாடி போதும். பழகியவர்களை ஏமாற்ற வேண்டுமென்றால் அவர்களை உங்களோடு சரியாகப் பழகவே விடக்கூடாது. கிளார்க் வேண்டுமென்றே கூன் போட்டு, குரலை இழுத்து, பயந்தாங்கொள்ளியாக இருக்க வேண்டும். 1978இல் வந்த சூப்பர்மேன் படத்தில் லோயிஸ் வீட்டில் வரும் காட்சி ஞாபகம் இருக்கும். அவள் பக்கத்து அறையில் இருக்கிறாள். கிளார்க் கண்ணாடியைக் கழற்றுகிறார், முதுகு நிமிர்கிறது, தோள் விரிகிறது, குரல் கனமாகிறது. சொல்லிவிடப் போகிறார் என்று நினைக்கும்போதே தைரியம் போய், கண்ணாடி திரும்ப மூக்கில் ஏறி, பழையபடி கூனிப்போகிறார். கிறிஸ்டோபர் ரீவ் இதை வெறும் உடம்பை வைத்தே செய்திருப்பார். தனக்குப் பிடித்தவள் முன்னால் தினமும் தன்னைச் சின்ன ஆளாகக் காட்டிக்கொள்வதுதான் அந்தக் கண்ணாடிக்கு அவர் கட்டும் வாடகை.

"அன்பானவர்களின் பாதுகாப்புக்காகத்தான் ரகசியம்" என்று எல்லா ஹீரோவும் சொல்கிறார்கள். நான் இதை நம்புவதில்லை. க்வென் ஸ்டேசியின் கதையைப் பாருங்கள். க்வென் பீட்டரின் காதலி. அவள் அப்பா ஜார்ஜ் ஸ்டேசி ஓய்வுபெற்ற போலீஸ் கேப்டன். 1970இல் வந்த 90ஆம் இதழில், ஸ்பைடர்மேனும் டாக்டர் ஆக்டோபஸும் மோதும்போது மேலிருந்து இடிந்து விழும் கட்டுமானத்தில் சிக்க இருந்த ஒரு குழந்தையைத் தள்ளிவிட்டு, ஸ்டேசி அதில் நசுங்கிப்போகிறார். சாகும்போது ஸ்பைடர்மேனைப் "பீட்டர்" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், மகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். மனுஷன் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. க்வெனோ, அப்பாவைக் கொன்றது ஸ்பைடர்மேன்தான் என்று வெறுக்கிறாள். அந்த வெறுப்பை அவள் கொட்டுவது பீட்டரிடம். உன் அப்பா கடைசியாக என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா என்று இவனால் வாயைத் திறக்க முடியாது. காதலிக்கு ஆறுதல் சொல்லும் ஒரே வார்த்தை அவனிடம்தான் இருந்தது, அதைத்தான் சொல்லக்கூடாது.

1973இல் கிரீன் காப்ளின் என்ற வில்லன் அவளைக் கடத்திக்கொண்டுபோய்ப் பாலத்திலிருந்து தள்ளுகிறான். அவள் பிழைக்கவில்லை. பீட்டர்தான் ஸ்பைடர்மேன் என்று காப்ளினுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாமல் போனது க்வெனுக்கு மட்டும்தான். எதிரிக்குத் தெரிந்து, காதலிக்குத் தெரியாத ரகசியம் யாரைப் பாதுகாத்தது? தெரிந்திருந்தால் குறைந்தபட்சம் ஜாக்கிரதையாக இருந்திருப்பாள். ஊரைவிட்டுப் போயிருப்பாள். பீட்டரே வேண்டாம் என்றுகூட முடிவெடுத்திருப்பாள். அந்த முடிவை அவளிடமிருந்து பீட்டர் பறித்துவிட்டான் என்பதுதான் எனக்கு அவன்மேல் உள்ள தீராத கோபம்.

"சொல்லிவிட்டால் கதையில் சுவாரசியம் போய்விடும்" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. கிளார்க் 1991இல் லோயிஸிடம் சொன்னார், 1996இல் கல்யாணமும் ஆனது, சூப்பர்மேன் காமிக்ஸ் ஒன்றும் மூடுவிழா காணவில்லை. ஸ்பைடர்மேன் கதையிலும், பீட்டரை வளர்த்த ஆன்ட் மே 2001இல் உண்மையைத் தெரிந்துகொள்கிறார். அடிபட்டு உடம்பெல்லாம் காயத்தோடு தூங்கும் பீட்டரை, பக்கத்தில் கிழிந்து கிடக்கும் உடுப்போடு பார்த்துவிடுகிறார். அடுத்த வருஷம் வந்த, எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிய வரிசையின் 38ஆம் இதழ் முழுக்க இரண்டு பேரும் பேசுகிறார்கள், அவ்வளவுதான். சண்டையே இல்லாத அந்த இதழைத்தான் நான் ஸ்பைடர்மேன் கதைகளில் உசத்தி என்பேன்.

அப்புறம் 2007இல், ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெல் ஒரு காரியம் செய்தது. குண்டடி பட்டுக் கிடக்கும் ஆன்ட் மே பிழைக்க, பீட்டரும் அவன் மனைவி மேரி ஜேனும் தங்கள் கல்யாணத்தையே ஒரு பிசாசுக்கு விலையாகக் கொடுக்கிறார்கள். கூடவே அவன் யார் என்பதும் ஊருக்கு மறந்துபோகிறது. ஆன்ட் மேக்கும் மறந்துபோகிறது. அந்த 38ஆம் இதழில் பேசியதெல்லாம் அவரைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. ரசிகர்கள் அப்போது கல்யாணம் போனதற்காகக் கொதித்தார்கள். எனக்கு இன்றுவரை ஆறாதது ஆன்ட் மேயின் ஞாபகம் போனதுதான். இதைப் பற்றி யாருமே எழுதுவதில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். க்வெனிடம் சொல்லாமல் விட்டது சரி என்று நினைப்பவர்கள் கமெண்டில் வரலாம், சண்டைக்குத் தயார்.