வட்ட முகமும் வட்டக் கண்ணாடியும்

"வட்ட முகத்துக்கு வட்ட ஃபிரேம் கூலிங் கிளாஸ்தான் எடுப்பு. ஏற்காடு போறவங்க கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்."

பெரும்பாலும் நேர்மாறாகத்தான் அமையும், நண்பரே. வளைவோடு வளைவு சேர்ந்தால் கன்னம் இன்னும் உருண்டையாகத் தெரியும். உயரத்தைவிட அகலம் கூடிய, மூலை தெரியும் ஃபிரேம்தான் முகத்தைச் சற்று நீளமாகக் காட்டும்.

மேலே கருத்துகளில் ஒரு தம்பி "பெருசா வாங்குனா போதும்" என்கிறார். பாதி சரி. ஃபிரேம் முகத்தின் அகலத்துக்கு ஈடாக இருக்கணும். ஆனால் கீழ்விளிம்பு கன்னத்தில் இடித்தால், சிரிக்கும்போது கண்ணாடி மேலே ஏறும். தனக்கு வட்டம் பொருந்துவதாகச் சொன்ன அக்காவுக்கு நீள முகம். அது வேறு கணக்கு.

நீங்களே பார்த்துவிடலாம். என் தங்கை மகளுக்கு சேலம் நாலு ரோட்டுக் கடையில் இப்படித்தான் பார்த்தோம். காதுக்கம்பியின் உள்பக்கம் 52□18 என்பதுபோல் அளவு இருக்கும். முதல் எண் ஒரு பக்க லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில். அந்த எண் ஒரே மாதிரி உள்ள வட்டம் ஒன்று, சதுரம் ஒன்று எடுங்கள். முடியை ஒதுக்கி, ஆறடி தள்ளி நின்று, கண் மட்டத்தில் வேறொருவர் படமெடுக்கட்டும். செல்ஃபி வேண்டாம், கிட்டத்தில் மூக்கு பெரிதாகிவிடும். தங்கை மகளுக்குச் சதுரத்தில் தாடை தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் அவளுக்குப் பிடித்தது வட்டம்தான், இன்னும் யோசிக்கிறாள்.