பதினைந்தாவது மாதத்தில்தான் லாபம்
“மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு வீடு எடுத்தால் பி.ஜி. விடுதியைவிட எப்போதும் மலிவு” என்று பலர் சொல்கிறார்கள். அந்த ‘எப்போதும்’ இடிக்கிறது. சென்னையில் முதல் மூன்று மாதம் பி.ஜி.யிலும், அடுத்த எட்டு மாதம் இரண்டு நண்பர்களுடன் வாடகை வீட்டிலும் இருந்தேன். ரசீதுகள் கைவசம் உள்ளன. பி.ஜி.யில் சாப்பாட்டோடு 10,500 ரூபாய். ஞாயிறு இரவு சமையல் கிடையாது, மற்ற நாட்களிலும் அந்தச் சாம்பாரிலிருந்து தப்பிக்க வெளியே சாப்பிட்டதில் 750 சேர்ந்து 11,250. வீட்டில் என் பங்கு வாடகை 6,000, பராமரிப்பு 500, மின்சாரம், எரிவாயு, இணையம் 800, மளிகையும் சமையல்காரம்மா சம்பளமும் 2,700, ஆக 10,000. மாதம் 1,250 மிச்சம், உண்மைதான். ஆனால் தரகருக்கு ஒரு மாத வாடகை என்பதில் என் பங்கு 6,000. அடுப்பு, மெத்தை, பழைய குளிர்பதனப்பெட்டி 7,500. காலி செய்தபோது வெள்ளையடிக்க என்று வீட்டுக்காரர் முன்பணத்தில் பிடித்ததில் என் பங்கு 5,000. மொத்தம் 18,500. இதை மாதம் 1,250 வீதம் ஈடுகட்டப் பதினைந்து மாதம் வேண்டும்; நான் எட்டாவது மாதமே வேலை மாறிக் கிளம்பிவிட்டேன். இடையில் ஒருவர் திடீரென்று ஊருக்குப் போய்விட, ஒரு மாதம் வாடகையை இருவரே கட்டினோம். அதில் கூடுதலாகப் போன 3,000 தனி. அப்படிச் சொல்பவர்கள் நினைப்பதுபோல் முன்பணம் ‘திரும்பி வரும் பணம்’தான், முழுதாகத் திரும்புமா என்பதை ஒப்பந்தத்தில் வெள்ளையடிப்புச் செலவு யாருடையது என்று எழுதியிருக்கும் வரிதான் சொல்லும்.