ரத்த குரூப்பை எப்படி மறைப்பீர்கள், டாக்டர்?

அந்த மேடைப் பேச்சை நானும் பார்த்துவிட்டேன். இனி யாரும் இன்பாக்ஸில் அனுப்ப வேண்டாம். கல்யாண மண்டபத்தில் பிள்ளையில்லாதவர்களுக்கு இலவச முகாம், முன்வரிசையில் தலையைக் குனிந்தபடி தம்பதிகள், மைக்கோடு டாக்டர். "டோனர்னா என்னம்மா, பத்து மாசம் சுமக்கப் போறது நீதானே? நமக்குள்ளயே முடிஞ்சுடும். பிள்ளைக்கு எதுக்குச் சொல்லணும்?" கைதட்டல் வேறு.

எனக்கு அவர் மேல் விரோதமில்லை. அவர் கைராசிக்காரர் என்று ஊரே சொல்கிறது, இருக்கட்டும். ஆனால் கும்பகோணத்தில் உட்கார்ந்து, டோனர் விந்தணுவோ கருமுட்டையோ வாங்கிப் பிள்ளை பெற நினைக்கிறவர்களோடு பேசுவதுதான் என் பிழைப்பு. சொல்லலாமா வேண்டாமா என்பதெல்லாம் அப்புறம். முதலில், மறைக்கவே முடியாது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வீட்டுக் கதை சொல்கிறேன், அடையாளங்களை மாற்றி. அப்பாவுக்கு ஓ பாசிட்டிவ், அம்மாவுக்கும் ஓ பாசிட்டிவ். டோனர் விந்தணுவில் பிறந்த மகளுக்கு பி பாசிட்டிவ். அன்றைக்குக் கருத்தரிப்பு மையத்தில் யாரும் குரூப்பைப் பொருத்திப் பார்க்கவில்லை. பள்ளிக்கூட அடையாள அட்டையில் அச்சடித்து வருடக்கணக்காகக் கழுத்தில் தொங்கியிருக்கிறது, ஒருவர் கண்ணிலும் படவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் மரபியல் பாடம் வந்தது. இரண்டு ஓ-வுக்குப் பிறக்கிற பிள்ளை ஓ-வாகத்தான் இருக்கும் என்று டீச்சர் போர்டில் கட்டம் போட்டுக் காட்டியிருக்கிறார். பம்பாய் குரூப் என்று அபூர்வமான ஒரு விலக்கு உண்டு. அந்தப் பெண் அதையும் தேடிப் படித்து வைத்திருந்தாள். அதுவாக இருந்துவிடக் கூடாதா என்ற நப்பாசைதான்.

சரி, அவள் யாரைச் சந்தேகப்பட்டாள்? டோனர் என்று ஒருவர் உண்டு என்பதே அவளுக்குத் தெரியாதே. அம்மாவைத்தான் சந்தேகப்பட்டாள். தலை பின்ன வந்த அம்மாவின் கையைத் தட்டிவிட்டாள். தட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தனியாகச் சாப்பிட்டாள். கடைசியில் ஒருநாள் "இது அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். அப்பாவுக்குத் தெரியாமலா? சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். ஆனாலும் அவர் வாயைத் திறக்க இன்னும் பல நாள் ஆனது. அதுவரை அந்த அம்மா தன் பிள்ளை கண்ணிலேயே நடத்தை கெட்டவளாக இருந்தாள். ஆணின் மானத்தைக் காப்பாற்ற வைத்த ரகசியத்துக்கு வட்டி கட்டியது யார், பார்த்தீர்களா?

"குரூப்பைப் பொருத்தி எடுத்திருந்தால் தீர்ந்தது, அதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?" என்று ஒருவர் கேட்பார். பொருத்தலாம், பொருத்தவும் வேண்டும். ஆனால் நாளைக்கு அப்பாவுக்குச் சிறுநீரகம் கொடுக்க அந்தப் பிள்ளையே முன்வந்தால், திசுப் பொருத்தம் பார்க்கிற இடத்தில் விஷயம் உடையும். பரிசோதனைக்கே போகாவிட்டாலும், அப்பாவுக்குச் சர்க்கரை, தாத்தாவுக்கு மாரடைப்பு என்று தனக்குச் சம்பந்தமில்லாத வரலாற்றை வாழ்நாளெல்லாம் டாக்டரிடம் ஒப்பித்துக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளை. தன்னுடைய வரலாறு எங்கோ ஒரு டோனர் படிவத்தில் கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

அந்தப் படிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டோனருக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ் பார்ப்பார்கள். புதிதாகத் தொற்றிய நோய் முதல் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். அதனால் விந்தணுவை உறையவைத்து, ஆறு மாதம் கழித்து டோனரை மறுபடி பரிசோதித்துவிட்டுத்தான் வெளியே தரவேண்டும். அது நடந்ததா என்று கேளுங்கள். பரம்பரையாக வரும் ரத்த நோயான தலசீமியாவையும் கேளுங்கள். மனைவி நோயில்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமக்கும் கேரியராக இருந்து டோனரும் கேரியராக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு அந்த நோய் வர நாலில் ஒரு பங்கு ஆபத்து. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம். "ஆரோக்கியமான டோனர், நல்ல கலர்" என்பது பரிசோதனை முடிவு இல்லை.

"சட்டமே டோனர் பெயரை வெளியிடக் கூடாது என்கிறது, பிள்ளைக்கு என்னத்தைச் சொல்வீர்கள்?" சட்டம் படித்த தம்பி ஒருவர் கேட்டது. தம்பி, கருத்தரிப்புச் சிகிச்சைக்கான 2021 சட்டம் மறைக்கச் சொல்வது டோனர் யார் என்பதை. டோனர் உண்டு என்பதைப் பிள்ளையிடம் சொல்லாதே என்று எந்தப் பிரிவிலும் இல்லை. அதே சட்டம்தான் பிள்ளையை அந்தத் தம்பதியின் சொந்தப் பிள்ளை என்கிறது, டோனருக்கு எந்த உரிமையும் இல்லை என்கிறது. சட்டமே அப்பா என்று சொன்ன பிறகு அப்பாவுக்கு என்ன பயம்? இங்கிலாந்தில் 2005 ஏப்ரலுக்குப் பிறகு தானம் கொடுத்தவர்களின் பெயரையே 18 வயதில் பிள்ளை கேட்டு வாங்கலாம். நான் அந்த அளவுக்கெல்லாம் கேட்கவில்லை.

ஊர் பேசும் என்கிறீர்களே, அது மட்டும் நியாயமான பயம். எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். பெரியப்பா தத்தெடுத்து வளர்த்த அண்ணனுக்கு விஷயமே தெரியாது. பெரியப்பா இறந்த அன்று, பாடை கட்டிக்கொண்டிருக்கும்போது, கொள்ளி வைக்க இவனுக்கு என்ன உரிமை என்று பங்காளி ஒருவர் சத்தம் போட்டார். தலை முழுகி ஈர வேட்டியோடு நின்ற அண்ணனுக்கு அப்படித்தான் தெரிந்தது. ஊர் பேசத்தான் செய்யும். அதனால்தான் ஊர் பேசுவதற்கு முன்னால் நீங்கள் பேசிவிடுங்கள் என்கிறேன். பிள்ளைக்குச் சொல்வது என்றால் ஃப்ளெக்ஸ் அடித்து ஒட்டுவது இல்லை. நாலைந்து வயதில், "பாப்பா உண்டாக அப்பாகிட்டேருந்து ஒரு சின்னச் செல் வேணும். அப்பாகிட்ட அது இல்ல, முகம் தெரியாத ஒரு மாமா கொடுத்தாங்க" என்று சொன்னால் போதும். பிள்ளை "சரி" என்று விளையாடப் போய்விடும். வளர வளரக் கேட்கும், வளர வளரச் சொல்லலாம். ஏழு வயதுக்குள் தெரிந்துகொண்ட பிள்ளைகளுக்குப் பிற்பாடு அம்மாவோடு உறவு நன்றாகவே இருக்கிறது என்று கேம்பிரிட்ஜின் சூசன் கோலம்போக் குழு, அப்படிப் பிறந்தவர்களை 20 வயதுவரை தொடர்ந்து பார்த்துச் சொல்லியிருக்கிறது.

ஆனால் பிள்ளையிடம் சொல்ல வேண்டுமென்றால், அந்தச் சொல் முதலில் அப்பா வாயில் வர வேண்டும். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. விந்தணு ஜீரோ என்று ரிப்போர்ட் வந்த அன்றைக்கே டோனர் படிவத்தை நீட்டுகிறார்கள். இரண்டாவது முறை பரிசோதித்தார்களா, ஒய் குரோமோசோமில் ஏதாவது பகுதி அழிந்திருக்கிறதா என்று பார்த்தார்களா? அதில் ஏ அல்லது பி என்கிற பகுதி முழுசாகப் போயிருந்தால் அறுவை செய்து தேடியும் பயனில்லை. சி பகுதி மட்டும் போயிருந்தால் விரையிலேயே சொந்த விந்தணு கிடைக்க வாய்ப்புண்டு. இது தெரியாமலேயே ஒரு மனிதன் "நடக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்கடையில் போய் நிற்கிறான். அதைச் சம்மதம் என்கிறார்கள். மனைவிதான் பேசுவாள், அவன் சுவரைப் பார்ப்பான். அவன் அழுது முடிக்கிற வரைக்கும் படிவத்தை எடுக்காதே என்றால், "மேடம் கேஸைக் கலைக்கிறாங்க" என்று என் மேல் புகார்.

பரிசோதனைக்கே அவனைக் கூட்டிவர எத்தனை வருடம் ஆகிறது என்பது தனிக் கதை. அதுவரை திருக்கருகாவூர் நெய்யை அவள் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். நெய்யைக் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் வாங்கியதுதான். அவனுடைய விந்தணுப் பரிசோதனை ஒரு நாள் வேலை, அதற்கு முன்னால் அவளுக்கு மட்டும் எத்தனை ஸ்கேன், எத்தனை ஊசி, எத்தனை வளைகாப்பில் பின்வரிசை.

"கவுன்சலிங் எல்லாம் காசு பிடுங்குற வேலை" என்று எழுதிய அண்ணனுக்கு: அண்ணே, கவுன்சலிங் கொடுத்தாக வேண்டும் என்பது அதே 2021 சட்டத்தில் மையத்துக்குப் போட்ட கடமை. பல இடங்களில் அதற்கு ஒரு தாள், ஒரு முத்திரை, ஐந்து நிமிஷம். "பிள்ளை பெறாத உனக்கு என்ன தெரியும்" என்றும் கேட்டிருந்தீர்கள். அதை நீங்கள் அழித்துவிட்டாலும் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.