முதல் ஆறு எண்கள் ரகசியமே அல்ல

"கார்டின் ரிவார்டு பாயிண்ட்ஸைப் பணமாக்கித் தருவதாகப் போன் செய்தவர்கள் என் பெயரையும் கார்டின் முதல் ஆறு எண்களையும் சரியாகச் சொன்னார்களே, பேங்க்காரர்கள்தானே?"

இல்லைங்க. முதல் ஆறு எண்கள் எந்த வங்கி, எந்த வகைக் கார்டு என்பதைத்தான் குறிக்கும். அதே வகைக் கார்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் அவை ஒன்றுதான். பெயரும் போன் நம்பரும் கசிந்த பட்டியல்களில் கிடைத்துவிடும். "மீதி எண்களை நீங்க சொல்லுங்க, சரிபார்க்கிறோம்" என்பதுதான் கொக்கி. அடுத்து காலாவதி தேதி, பின்பக்க மூன்று இலக்கம் கேட்பார்கள். கடைசியில், "பாயிண்ட்ஸைப் பணமாக்க ஒரு ஓடிபி வரும்" என்பார்கள்.

அந்த எஸ்எம்எஸ்ஸை முழுசாகப் படியுங்கள். பெரும்பாலும் அதில் ஒரு கடையின் பெயரும் தொகையும் இருக்கும். பாயிண்ட்ஸ் வரவாக வேண்டிய இடத்தில் தொகை எதற்கு? அது நீங்கள் செலவு செய்வதற்கான ஒப்புதல். ஓடிபி சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும், அதனால்தான் அவ்வளவு அவசரப்படுத்துகிறார்கள்.

ஓடிபி சொல்லாவிட்டாலும், கார்டு விவரம் கொடுத்திருந்தால் சும்மா இருக்காதீர்கள். ஓடிபி கேட்காத தளங்களும் உண்டு. உடனே ஆப்பில் கார்டை பிளாக் செய்துவிட்டு, கார்டின் பின்பக்க எண்ணுக்கு நீங்களே போன் செய்து புது எண்ணில் கார்டு கேளுங்கள்.